இளம் கம்பனியின் நிறுவனர் எவ்வளவு சம்பளம் எடுக்கலாம்? கைக்காசு மிகக் குறையும் மாதமே அளவுகோல்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சொந்தக் கம்பனி தொடங்குகிறவர்கள் முதல் ஆண்டில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒரு பகுதியினர் சம்பளமே எடுக்காமல், வீட்டுச் செலவுக்குத் தேவைப்படும்போது கல்லாவிலிருந்து காசை எடுக்கிறார்கள். மற்றவர்கள் வங்கிக் கணக்கில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்து, "இவ்வளவு இருக்கிறதே" என்று ஒரு தொகையை முடிவு செய்கிறார்கள். முதலாவது வழி பண்டத்தின் உண்மையான செலவை மறைக்கிறது. இரண்டாவது வழி அடுத்த அறுவடைக்குக் கொள்முதல் செய்ய வைத்திருக்கும் பணத்தைத் தின்கிறது.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. கையிருப்பு அளவாக உள்ள, பருவத்தை நம்பி ஓடும் ஒரு சிறு கம்பனியில் நிறுவனரின் மாதச் சம்பளத்தை எந்தக் கணக்கை வைத்துத் தீர்மானிப்பது?

## முதலில் சில அடிப்படைகள்

கம்பனியா, தனியாள் வியாபாரமா? பிரதேச செயலகம் வழியாக வியாபாரப் பெயரை மட்டும் பதிந்து நடத்துவது தனியாள் வியாபாரம். அங்கே சட்டத்தின் கண்ணில் நீங்களும் வியாபாரமும் ஒன்றே. நீங்கள் எடுக்கும் பணம் உங்கள் இலாபத்தின் பகுதியே தவிரச் சம்பளம் ஆகாது. கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிந்த தனியார் கம்பனி வேறு. அது உங்களிலிருந்து பிரிந்த ஒரு தனி ஆள். அதன் பணம் உங்கள் பணம் அன்று. அதிலிருந்து நீங்கள் பணம் பெறச் சம்பளம், பங்கிலாபம், நீங்கள் கம்பனிக்குக் கொடுத்த கடனின் மீளளிப்பு என மூன்று வழிகளே முக்கியமானவை. நான்காவதாகக் கல்லாவிலிருந்து கேட்காமல் எடுப்பது, கணக்கில் நீங்கள் கம்பனியிடம் பட்ட கடனாகவே பதியப்படும்.

சம்பளத்தின் முழுச் செலவு. கம்பனியில் முழுநேரம் வேலை செய்து மாதச் சம்பளம் பெறும் இயக்குநருக்கும் ஊழியர் சேமலாப நிதி கட்டப்பட வேண்டும். அவருடைய சம்பளத்தில் 8% கழிக்கப்படும். கம்பனி தன் பங்காக 12% சேர்க்கும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3% கம்பனியே கட்டும். ஆகவே 100 ரூபா சம்பளம் கம்பனிக்கு 115 ரூபா செலவு. உங்கள் கைக்கு வருவது 92 ரூபா. மீதி 23 ரூபாவும் உங்கள் பெயரிலேயே சேர்கிறது என்றாலும், இந்த மாதம் அரிசி வாங்க அது உதவாது.

வருமான வரி. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா, அதாவது மாதம் 150,000 ரூபா வரையான வருமானத்துக்கு தனிநபர் விலக்கு உண்டு. உங்களுக்கு வேறு பெரிய வருமானம் இல்லாவிட்டால், இந்த எல்லைக்குள் எடுக்கும் சம்பளத்தில் வரி கழிக்க வேண்டியதில்லை.

இந்த வரி விடயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. "சம்பளம் எடுக்காதே, பங்கிலாபமாக எடு, வரி மிச்சம்" என்பது வேறு நாடுகளின் வரிச் சட்டத்துக்குப் பொருந்தும் ஆலோசனை. வெளிநாட்டு உறவினர்கள் அதை நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். இங்கே கம்பனி இலாபத்தின் பொது வரி வீதம் 30%. மிச்சத்தைப் பங்கிலாபமாகப் பகிர்ந்தால் அதில் மேலும் 15% பிடிக்கப்படும். 100 ரூபா இலாபத்தில் முதலில் 30 போய், எஞ்சிய 70இல் 10.50 போனால், கையில் 59.50 தான். அதே 100 ரூபாவைச் சம்பளச் செலவாகக் காட்டினால் அது இலாபத்திலிருந்து கழிகிறது. விலக்கு எல்லைக்குள் இருந்தால் வரியும் இல்லை. அதற்கும் மேலாக, பங்கிலாபம் கொடுப்பதற்குக் கம்பனி தன் கடன்களை உரிய நேரத்தில் கட்டக்கூடிய நிலையில் இருப்பதாக இயக்குநர்கள் உறுதிப்படுத்த வேண்டும் என்று கம்பனிகள் சட்டம் சொல்கிறது. காசுத் தட்டுப்பாடு உள்ள முதல் ஆண்டில் அப்படிக் கையெழுத்திடுவது பொறுப்பான செயல் ஆகாது.

## ஒரு கணக்கு: கச்சான் கம்பனி

கற்பனையான ஒரு கம்பனியை எடுத்துக்கொள்வோம். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் கச்சான் வாங்கி, வறுத்து, 50 கிராம் பைக்கற்றுகளாகக் கொழும்பு, யாழ்ப்பாணக் கடைகளுக்கு அனுப்புகிறது. நிறுவனர் ஒருவர், வேலையாட்கள் மூவர். ஜனவரி முதலாம் திகதி வங்கியில் இருப்பது 24 இலட்சம் ரூபா. அதில் 6 இலட்சம் நிறுவனர் கடனாகக் கொடுத்தது. ஒரு பகுதி கனடாவிலுள்ள அண்ணன் பங்காகப் போட்டது.

மாதச் செலவு, நிறுவனரின் சம்பளம் இல்லாமல், இப்படி அமைகிறது. மூவருக்கும் தலா 40,000 ரூபா சம்பளம், அதற்குரிய 15% பங்களிப்போடு 138,000. கட்டட வாடகை 30,000. மின்சாரமும் எரிவாயுவும் 27,000. போக்குவரத்து 45,000. வங்கிக் கடன் தவணை 40,000. மொத்தம் 280,000.

இந்தத் தொழிலின் உயிர்முடிச்சு இந்த 280,000 ரூபாவில் இல்லை. காலபோகக் கச்சானைப் பிடுங்கும் காலத்தில்தான் அதை நல்ல விலைக்கு, நல்ல தரத்தில் வாங்க முடியும். அப்போது விவசாயிக்குக் கையில் காசு கொடுக்க வேண்டும். கடைகளோ சரக்கு எடுத்து இரண்டு மாதம் கழித்துப் பணம் தருகின்றன. ஆண்டுக்கான கச்சானுக்குப் பெப்ரவரியில் 10 இலட்சம், மார்ச்சில் 9 இலட்சம் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

பொதி செய்யும் செலவு போகக் கடைகளிலிருந்து வந்துசேரும் பணம்: ஜனவரி 380,000, பெப்ரவரி 350,000, மார்ச் 330,000, ஏப்ரல் 360,000, மே 420,000, ஜூன் 560,000. சித்திரைப் புத்தாண்டு விற்பனைக்கான பணம் ஜூனில்தான் கைக்கு வருகிறது.

## சராசரி எப்படி ஏமாற்றுகிறது

பலரும் போடும் கணக்கு இது: 24 இலட்சத்தை 280,000ஆல் வகுத்தால் எட்டரை மாதத்துக்குப் போதும், விற்பனைப் பணமும் வந்துகொண்டிருக்கிறது, ஆகவே மாதம் 150,000 எடுக்கலாம், வரியும் இல்லை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மாதாமாதம் எழுதிப் பார்த்தால் நிலைமை வேறு. கீழே உள்ளவை, நிறுவனரின் சம்பளத்தோடு அதற்குரிய 15% பங்களிப்பையும் கழித்தபின், மாத முடிவில் வங்கியில் எஞ்சும் தொகைகள். 46,000 எப்படி வந்தது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

| மாத முடிவு | சம்பளம் இல்லை | சம்பளம் 46,000 | சம்பளம் 150,000 |
|---|---|---|---|
| ஜனவரி | 2,500,000 | 2,447,100 | 2,327,500 |
| பெப்ரவரி | 1,570,000 | 1,464,200 | 1,225,000 |
| மார்ச் | 720,000 | 561,300 | 202,500 |
| ஏப்ரல் | 800,000 | 588,400 | 110,000 |
| மே | 940,000 | 675,500 | 77,500 |
| ஜூன் | 1,220,000 | 902,600 | 185,000 |

கடைசி நிரலைக் கவனியுங்கள். எந்த மாதத்திலும் கணக்கு பூச்சியத்துக்குக் கீழே போகவில்லை. அதனால்தான் இது ஆபத்தானது. மே முடிவில் 77,500 ரூபா இருக்கிறது. மூன்று வேலையாட்களின் ஒரு மாதச் சம்பளச் செலவே 138,000. ஒரு கடைக்காரர் ஒரு இலட்சம் ரூபாக் காசோலையைப் பதினைந்து நாள் பிந்தித் தந்தால் போதும், அந்த மாத முடிவில் கணக்கில் காசு இராது. அப்போது முதலில் நிற்பது பெரும்பாலும் சேமலாப நிதிக் கட்டணம்தான். அதை அடுத்த மாத இறுதிக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் தாமதத்துக்கு ஏற்ப 5% முதல் 50% வரை மேலதிகக் கட்டணம் ஏறும்.

இன்னொன்றும் தெரிகிறது. சம்பளம் எடுக்காதபோது மிகத் தாழ்ந்த மாதம் மார்ச். 150,000 எடுத்தால் அது மே மாதத்துக்கு நகர்ந்துவிடுகிறது. கொள்முதல் முடிந்துவிட்டது, இனி ஏறுமுகம் என்று நிறுவனர் நினைக்கும் ஏப்ரலிலும் மேயிலும் பணம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. சம்பளத்தின் அளவு பள்ளத்தின் ஆழத்தை மட்டுமன்றி, அது வரும் காலத்தையும் மாற்றுகிறது. ஆகவே எந்தத் தொகையை நினைத்தாலும் அதைச் சேர்த்து முழுக் கணக்கையும் மீண்டும் எழுதிப் பார்க்க வேண்டும்.

## 46,000 எப்படி வந்தது

1. சம்பளம் இல்லாமல் எழுதிய நிரலில் மிகத் தாழ்ந்த தொகையைக் கண்டுபிடிக்கவும். இங்கே மார்ச் முடிவில் 720,000.

2. தொடக்கூடாத இருப்பு எவ்வளவு என்று தீர்மானிக்கவும். கடைகள் இரண்டு மாதக் கடனுக்கு எடுப்பதால், இரண்டு மாதச் செலவான 560,000ஐ ஒதுக்குகிறோம். பணம் உடனே கைக்கு வரும் தொழிலாக இருந்தால் ஒரு மாதச் செலவு போதலாம். மூன்று மாதக் கடன் கொடுக்கிறவர் மூன்று மாதத்துக்கு வைக்க வேண்டும்.

3. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 160,000. ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று மாதங்களுக்கு அதைப் பகிர்ந்தால் மாதம் ஏறத்தாழ 53,300.

4. அது கம்பனியின் முழுச் செலவு. 1.15ஆல் வகுத்தால் ஏறத்தாழ 46,300. முழுத் தொகையாக 46,000. நிறுவனரின் கைக்கு வருவது 42,320.

5. அந்தச் சம்பளத்தோடு நிரலை மீண்டும் எழுதி, வேறு எந்த மாதமாவது 560,000க்குக் கீழே போகிறதா என்று பார்க்கவும். இங்கே போகவில்லை.

இத்தோடு கணக்கு முடிவதில்லை. பருவத் தொழிலுக்கு இரண்டாவது எல்லை ஒன்று உண்டு. அடுத்த பெப்ரவரியில் மீண்டும் கொள்முதலுக்குப் பணம் வேண்டும். ஜூலை முதல் டிசம்பர் வரை மாதம் சராசரி 585,000 வருகிறது என்று எடுத்துக்கொண்டால், 46,000 சம்பளத்தோடு ஆண்டு முடிவில் 24 இலட்சத்துக்குச் சற்று மேல் நிற்கும். தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட்டோம். 150,000 எடுத்திருந்தால் நிற்பது 980,000. வாங்க வேண்டிய கச்சானோ 19 இலட்சத்துக்கு. அந்தக் கம்பனி நட்டத்தில் மூடப்படாது, வாங்குவதற்குப் பணம் இல்லாமல் பாதி உற்பத்தியோடு இழுபடும். வெளியே இருந்து பார்ப்பவர்கள் விற்பனை குறைந்துவிட்டது என்று காரணம் சொல்வார்கள். உண்மையில் கொள்முதல் பணம் பன்னிரண்டு சம்பளங்களாகப் போய்விட்டது.

## சம்பளமே எடுக்காவிட்டால் என்ன?

எடுக்காமல் இருப்பதைத் தியாகம் என்று நம் ஊரில் மதிக்கிறார்கள். அந்த மனத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் கணக்கு அதை வேறுவிதமாகக் காட்டுகிறது.

ஆண்டுக்கு 60,000 பைக்கற்றுகள் விற்கின்றன. பொதிச் செலவு போக ஒரு பைக்கற்றுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 98 ரூபா. கச்சானுக்கு 32, மற்ற மாதச் செலவுகளுக்கு 56. மிச்சம் 10 ரூபா. நிறுவனர் இதைப் பார்த்து ஒரு மொத்த வியாபாரிக்குப் பைக்கற்றுக்கு 5 ரூபா குறைத்துக் கொடுக்கச் சம்மதிக்கிறார். இன்னும் 5 ரூபா இலாபம் இருக்கிறதே என்பது அவர் எண்ணம்.

இப்போது அவருடைய வேலையை, அதாவது கொள்முதல், தரம் பார்த்தல், கடைகளோடு பேசுதல், பணம் அறவிடல் எல்லாவற்றையும் செய்ய வெளியிலிருந்து ஒருவரை வைத்தால் மாதம் 100,000 கொடுக்க வேண்டும் என்று கொள்வோம். முழுச் செலவு 115,000. மாதம் 5,000 பைக்கற்றுகளுக்குப் பகிர்ந்தால் பைக்கற்றுக்கு 23 ரூபா. ஆகவே 10 ரூபா இலாபம் என்று தெரிந்தது உண்மையில் 13 ரூபா நட்டம். நிறுவனர் 46,000 மட்டுமே எடுத்தாலும், விலை தீர்மானிக்கும் தாளில் 115,000 என்று எழுதியே கணக்குப் பார்க்க வேண்டும். வங்கியிலிருந்து போகும் தொகையும் விலைக் கணக்கில் வரும் தொகையும் வேறாக இருக்கலாம். இரண்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.

சம்பளம் எடுக்காத வீடு எப்படி ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் முதலில் சீட்டுக் காசு எடுபடுகிறது. பிறகு மனைவியின் சங்கிலி அடகுக்குப் போகிறது. அடகுச் சீட்டில் ஏறும் வட்டி, கம்பனி கட்ட வேண்டிய வட்டி. கம்பனியின் கணக்கில் அது எங்கும் தெரிவதில்லை. வீடு கம்பனிக்குக் கடன் கொடுக்கிறது, ஆனால் யாரும் அதை எழுதி வைக்கவில்லை. அப்படிக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், கம்பனியின் வங்கிக் கணக்கில் வைப்பிட்டு, இயக்குநர் கடன் என்று பதியுங்கள். பின்னர் திருப்பி எடுக்கும்போது அந்த முதல் உங்கள் வருமானமாகக் கருதப்படாது.

## வீட்டுக்கு 80,000 வேண்டும், கம்பனி 42,320 தான் தருகிறது

கடினமான இடம் இதுதான். வித்தியாசம் 37,680 ரூபா. இதை மூடச் சிலர் பெயரை மாற்றிப் பார்க்கிறார்கள்: சம்பளம் 46,000, அதோடு கடன் மீளளிப்பு என்று மாதம் 38,000. வரியிலும் சேமலாப நிதியிலும் இந்த இரண்டும் வேறு. வங்கிக் கணக்குக்கு இரண்டும் ஒன்றே. மார்ச் முடிவில் மேலும் 114,000 குறைந்து, இருப்பு 447,300 ஆகிவிடும். 6 இலட்சக் கடனைத் திருப்பி எடுக்க நிறுவனருக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்குரிய காலம் ஜூனுக்குப் பின், பெரிய கடைகளின் பணம் வந்து சேர்ந்த பிறகு.

கச்சானைக் குறைத்து வாங்குவது இன்னொரு வழி. மார்ச் கொள்முதலில் 114,000 ரூபாவைக் குறைத்தால் பள்ளம் பழைய அளவுக்கு வந்துவிடும். அதற்கான விலையைப் பிற்பகுதியில் கொடுக்க வேண்டும்: பருவம் முடிந்தபின் வியாபாரிகளிடம் கூடிய விலைக்கு வாங்குவதா, அல்லது தீபாவளி, நத்தார் கேள்வி வரும்போது சரக்கு இல்லாமல் நிற்பதா என்று தெரிவு செய்ய நேரும். சேமிப்பு வசதியும் வாங்குவோரின் உறுதியும் எப்படி என்பதைப் பொறுத்து இதைத் தீர்மானிக்கலாம்.

என் கருத்தில், வீட்டின் தேவைக்கும் கம்பனியின் எல்லைக்கும் இவ்வளவு இடைவெளி இருந்தால், கம்பனி இன்னும் ஒருவரின் முழுநேர உழைப்பைத் தாங்கும் நிலைக்கு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வயல் வருமானமோ, துணைவரின் சம்பளமோ, வாரத்தில் இரண்டு நாள் வெளிவேலையோ அந்த இடைவெளியை ஆறு மாதத்துக்கு மூட வேண்டும். அதற்கு வழி இல்லாத வீட்டில், கொள்முதல் தொடங்குவதற்கு முன்பே அண்ணனிடம் பேசி, "இந்தத் தொகையில் இவ்வளவு என் வீட்டுச் செலவுக்கு" என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுவது மேல். பங்கு போட்டவர் பின்னர் வங்கிக் கூற்றில் அதைக் கண்டுபிடித்தால் குடும்பத்துக்குள்ளேயே மனக்கசப்பு வரும்.

## எழுத்தில் என்ன இருக்க வேண்டும்

இயக்குநர் ஒருவரே என்றாலும் சம்பளத்துக்கு ஒரு தீர்மானம் எழுதப்பட வேண்டும். அந்தத் தொகை கம்பனிக்கு நியாயமானது என்பதற்கான காரணமும் அதில் இருக்க வேண்டும். மேலே கண்ட நிரலையே இணைப்பாக வைக்கலாம்.

"சம்பளம் 100,000, இப்போதைக்கு 46,000 எடுக்கிறேன், மீதி பிறகு" என்று எழுதுவதைத் தவிர்க்கவும். மீதி 54,000 ஒவ்வொரு மாதமும் கம்பனியின் கடனாக ஏறும். ஒரு வருடத்தில் அது 648,000. அந்தத் தொகைக்கும் சேமலாப நிதிக் கேள்வி எழலாம். அடுத்த கடனுக்குப் போகும்போது வங்கி அதைக் கடன் பட்டியலில் காணும். புதிதாகப் பங்கு போட வருகிறவர், தன் பணம் பழைய சம்பளத்துக்குப் போவதை விரும்பமாட்டார். சம்பளம் 46,000 என்றால் 46,000 என்றே எழுதி, எப்போது கூடும் என்ற நிபந்தனையை அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுவதே நல்லது.

நிபந்தனை இப்படி இருக்கலாம்: ஜூன் முடிவில் வங்கியில் இருக்க வேண்டியது 902,600. உண்மையில் அதற்கு மேல் 2 இலட்சம் கூடுதலாக இருந்தால், அதில் பாதியை அடுத்த ஆறு மாதச் சம்பள உயர்வுக்கு ஒதுக்கலாம். 100,000ஐ ஆறால் வகுத்து, 1.15ஆல் மீண்டும் வகுத்தால் ஏறத்தாழ 14,500. சம்பளத்தை 60,000 ஆக்கலாம். மற்றப் பாதி அடுத்த கொள்முதலுக்கு. கூடுதல் தொகை இருப்பதற்குக் காரணம் விற்பனைதானா, அல்லது கட்ட வேண்டிய மின்கட்டணமோ கடன் தவணையோ நிலுவையில் நிற்பதா என்று முதலில் பார்க்கவும். நிலுவை இருந்தால் அதைக் கழித்த பிறகே ஒப்பிட வேண்டும். இருப்பு 902,600க்குக் கீழே இருந்தால் உயர்வு இல்லை. இரண்டு மாதச் செலவான 560,000க்குக் கீழே போனால், அடுத்த மாதம் முதல் நிறுவனரின் சம்பளமே முதலில் குறைக்கப்படும், வேலையாட்களின் சம்பளம் கடைசியில்தான். 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 என்பதால், அவர்களுடைய 40,000இல் குறைக்க இடமும் அதிகம் இல்லை. அடுத்த பருவத்தில் கச்சான் வறுக்க அதே மூவரும் திரும்பி வர வேண்டும்.